வாங்கிய பங்கு வந்து சேரும் வரை

செவ்வாய்க்கிழமை காலை 11.10 மணி. ஈரோட்டில் ஓர் ஆசிரியை தன் கைபேசியில் ஒரு நிறுவனத்தின் 50 பங்குகளை, பங்கு ஒன்று 400 ரூபாய் வீதம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்திய மறுகணமே 'ஆர்டர் நிறைவேறியது' என்று திரை சொல்லிவிடுகிறது. 20,000 ரூபாயும், அதற்கு மேல் வரியும் கட்டணமும் அவர் கணக்கிலிருந்து கழிந்துவிடுகின்றன. பங்குப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் `T1` என்று ஒரு சின்னக் குறியைப் பல செயலிகள் போடும். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதில்லை. பங்கு இன்னும் உங்களுக்கு வந்து சேரவில்லை என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது.

வீட்டு மனை வாங்கியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். விலை பேசி அக்ரிமென்ட் போட்ட நாள் வேறு, பத்திரம் பதிவாகும் நாள் வேறு. ஆசிரியை செவ்வாய் காலை போட்டது அக்ரிமென்ட். பதிவு புதன்கிழமை நடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் வேலையைத்தான் சந்தைக்காரர்கள் கிளியரிங், செட்டில்மென்ட் என்கிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு பணம், எத்தனை பங்கு தரவேண்டும் என்று கணக்குப் பார்ப்பது கிளியரிங். அந்தக் கணக்குப்படி பணமும் பங்கும் கைமாறுவது செட்டில்மென்ட். மனை விஷயத்தில் விற்பவரை நேரில் பார்க்கிறோம், பட்டாவைப் புரட்டிப் பார்க்கிறோம். பங்குச் சந்தையில் எதிரே நிற்பவர் யார் என்றே தெரியாது. அவரிடம் பங்கு இருக்கிறதா, நாளைக்குத் தருவாரா என்று விசாரிக்கவும் வழியில்லை. அப்படியிருந்தும் கோடிக்கணக்கானவர்கள் நம்பி வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது, எங்கே இடறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

நடுவில் வந்து நிற்பவர்

ஆசிரியையின் ஆர்டர் முதலில் புரோக்கரின் கணினிக்குப் போகிறது. பணம் இருக்கிறதா என்று அங்கே சரிபார்த்த பிறகு தேசியப் பங்குச் சந்தைக்கோ மும்பைப் பங்குச் சந்தைக்கோ செல்கிறது. சந்தையின் கணினி விலையை முதலில் பார்க்கும். விலை ஒன்றாக இருந்தால் யார் முதலில் கேட்டார் என்று பார்க்கும். அப்படிப் பொருத்தியதில் 400 ரூபாய்க்கு விற்க முன்வந்த யாரோ ஒருவரின் ஆர்டர் அவருடையதோடு சேர்ந்தது. அந்த வியாபாரத்துக்கு ஓர் எண் கொடுக்கப்பட்டது. பங்குச் சந்தையின் வேலை ஏறக்குறைய இத்தோடு முடிந்தது.

அடுத்து வருவது கிளியரிங் கார்ப்பரேஷன். தேசியப் பங்குச் சந்தையின் துணை நிறுவனம் என்.எஸ்.இ. கிளியரிங். மும்பைப் பங்குச் சந்தைக்கு இந்தியன் கிளியரிங் கார்ப்பரேஷன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த ஒப்பந்தத்தை இந்த அமைப்பு இரண்டாக வெட்டுகிறது. ஆசிரியையின் தரப்புக்குப் பங்கை விற்பவர் இனி கிளியரிங் கார்ப்பரேஷன்தான். முகம் தெரியாத அந்த விற்பனையாளரின் தரப்பிடமிருந்து வாங்குபவரும் அதுவேதான். விற்பவர் நாளை கைவிரித்தாலும், அவருடைய புரோக்கரே திவாலானாலும், ஆசிரியைக்குக் கணக்குத் தீர்க்கவேண்டிய கடமை கிளியரிங் கார்ப்பரேஷனுடையது. எதிராளி யார் என்று தெரியாமலே வாங்க முடிவதற்கு இந்த ஒரு ஏற்பாடுதான் காரணம்.

இப்படி ஒருவர் நடுவில் நிற்காத காலம் ஒன்று இருந்தது. அப்போது வியாபாரத்தை ஒரு வாரத்துக்குச் சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பார்கள். பங்கு காகிதமாக இருந்தது. அதோடு மாற்றுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று நிறுவனம் திருப்பி அனுப்பினால், காகிதம் வந்த வழியே கைகை மாறித் திரும்பிப் போகும். புரோக்கர் ஒருவர் பணம் கட்டத் தவறினால் அவரோடு வியாபாரம் செய்த மற்றவர்களும் சேர்ந்து தடுமாறுவார்கள். 1995 மார்ச்சில் எம்.எஸ். ஷூஸ் பங்கு விவகாரத்தில் பணம் கட்ட முடியாமல் சிக்கல் முற்றியபோது மும்பைப் பங்குச் சந்தையையே மூன்று நாள் மூடவேண்டியதாயிற்று. அதே ஆண்டில்தான் தேசியப் பங்குச் சந்தை தன் கிளியரிங் நிறுவனத்தைத் தொடங்கியது. 1996 ஏப்ரலில் அது வேலையை ஆரம்பித்தது. அந்த ஆண்டே டெபாசிட்டரிச் சட்டமும் வந்து, காகிதப் பங்கு கணினிப் பதிவாக மாறத் தொடங்கியது.

அதற்குப் பிறகு காத்திருக்கும் நாட்கள் படிப்படியாகக் குறைந்தன. 2001-ல் வாரக் கணக்கு ஒழிந்து, வியாபார நாளிலிருந்து ஐந்தாம் வேலைநாளில் தீர்வு என்று வந்தது. 2002-ல் அது மூன்று நாளாகவும் 2003-ல் இரண்டு நாளாகவும் சுருங்கியது. 2022 பிப்ரவரியில் தொடங்கி, 2023 ஜனவரி 27-க்குள் எல்லாப் பங்குகளும் ஒரே நாள் தீர்வுக்கு வந்துவிட்டன. இதைத்தான் டி+1 என்கிறார்கள். வியாபார நாளோடு ஒரு வேலைநாள் என்பது பொருள். அமெரிக்கா இந்த முறைக்கு 2024 மே மாதம்தான் வந்தது.

செவ்வாய் இரவும் புதன் காலையும்

சந்தை பிற்பகல் 3.30-க்கு மூடிய பிறகு கணக்கு வேலை ஆரம்பமாகிறது. ஒரு புரோக்கரின் வாடிக்கையாளர்கள் அன்று எல்லாப் பங்குகளிலுமாகச் சேர்த்து 10 கோடி ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள், 9 கோடியே 40 லட்சத்துக்கு விற்றிருக்கிறார்கள் என்றால், கிளியரிங் கார்ப்பரேஷன் அந்தப் புரோக்கரிடம் கேட்பது வித்தியாசமான 60 லட்சத்தை மட்டும்தான். இன்னொரு புரோக்கருக்கு வரவேண்டியது அதிகமாக இருக்கலாம். அவருக்கு மிச்சம் மட்டும் போகும். காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிட்டவர்களின் பங்குகள் கணக்கில் கழிந்துபோகும், இடம்விட்டு நகரவே நகராது. இந்தக் கழித்தல் இல்லையென்றால் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்பவேண்டியிருக்கும். அவ்வளவு ரொக்கத்தை யாரும் தயாராக வைத்திருக்க முடியாது.

ஆசிரியைக்கு அன்றிரவோ மறுநாளோ மின்னஞ்சலில் கான்ட்ராக்ட் நோட் வரும். வியாபாரம் நடந்த 24 மணி நேரத்துக்குள் புரோக்கர் அதை அனுப்பியாக வேண்டும். ஆர்டர் எண், வியாபார எண், நேரம், விலை, வரிகள் எல்லாம் அதில் இருக்கும். கூடவே செட்டில்மென்ட் எண் என்று ஒன்று இருக்கும். பங்கு வராமல் போனால் புரோக்கரிடமும் டெபாசிட்டரியிடமும் பேசும்போது அந்த எண்தான் துணைக்கு வரும். ஆகவே இந்த மின்னஞ்சலைப் பிரிக்காமல் விட்டுவிடக் கூடாது.

விற்பவர் பக்கம் என்ன நடக்கிறது? முன்பெல்லாம் விற்ற பங்கைப் புரோக்கரின் பொதுக் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு அனுப்புவார்கள். 2022 நவம்பரிலிருந்து, விற்கும் பங்கு விற்பவருடைய சொந்த டீமேட் கணக்கிலேயே முடக்கிவைக்கப்படுகிறது. பங்கு அவர் கணக்கில்தான் இருக்கும். ஆனால் அதை அவர் வேறு யாருக்கும் மாற்றமுடியாது, அடகு வைக்கவும் முடியாது. கணக்கு ஒத்துப்போனதும் முடக்கிய பங்கு நேராகக் கிளியரிங் கார்ப்பரேஷனுக்குப் போகும்.

புதன் காலையில் பணம் தரவேண்டியவர்களின் பணமும் பங்கு தரவேண்டியவர்களின் பங்கும் கிளியரிங் கார்ப்பரேஷனிடம் வந்து சேர்கின்றன. இதைப் பே-இன் என்பார்கள். இரண்டும் வந்த பிறகு, பணம் விற்றவர்கள் பக்கமும் பங்கு வாங்கியவர்கள் பக்கமும் கிளம்பும். அது பே-அவுட். பங்குகள் மாலை 3.30-க்குள் வெளியே போகவேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. ஆசிரியை பணம் கட்டியிருந்தால்தான் பங்கு வரும், பங்கு வந்திருந்தால்தான் மற்றவருக்குப் பணம் போகும். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்காகக் கையேந்தி நிற்கும் நிலை யாருக்கும் இல்லை.

இங்கே நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இந்தக் கணக்கு முழுவதும் மும்பையின் வங்கி நாட்காட்டிப்படிதான் ஓடுகிறது. பொங்கலன்று ஈரோட்டில் வங்கி மூடியிருந்தாலும், மும்பையில் சந்தையும் வங்கியும் திறந்திருந்தால் செட்டில்மென்ட் நடக்கும். சத்ரபதி சிவாஜி பிறந்தநாளான பிப்ரவரி 19 அன்று மகாராஷ்டிரத்தில் வங்கி விடுமுறை. சந்தை திறந்திருக்கும், வாங்கலாம், விற்கலாம். ஆனால் அன்று தீர்வு இல்லை. அதனால் 18-ஆம் தேதி வாங்கியது, 19-ஆம் தேதி வாங்கியது இரண்டும் அடுத்த வேலைநாளில்தான் வந்து சேரும். ஏப்ரல் 1-ஆம் தேதியும் வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பால் இப்படித்தான் ஆகும். பங்கு வரவில்லையே என்று பதறுவதற்கு முன் இந்தத் தேதிகளைப் பார்ப்பது நல்லது.

பங்கு வராத புதன்கிழமை

இப்போது சிக்கலான பாதைக்கு வருவோம். ஆசிரியைக்கு 400 ரூபாய்க்கு விற்றவரிடம் உண்மையில் அந்தப் பங்கே இல்லை. விலை இறங்கும் என்று கணித்து, காலையில் விற்றுவிட்டு மாலைக்குள் குறைந்த விலையில் திரும்ப வாங்கிக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்று இருந்தார். தினசரி வியாபாரத்தில் இதற்கு அனுமதி உண்டு. அந்தப் பங்குக்கு முந்தைய நாள் இறுதி விலை 395 ரூபாய். ஒரு நாளில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற வரம்பும் அதற்கு உண்டு. பிற்பகலில் ஏதோ நல்ல செய்தி வருகிறது. விலை ஏறி ஏறி 434 ரூபாய் 50 காசில், அதாவது அன்றைய உச்ச வரம்பில், போய் முட்டி நிற்கிறது. வாங்க வரிசை கட்டி நிற்கிறார்கள், விற்க ஒருவரும் இல்லை. அப்பர் சர்க்யூட் என்று சந்தையில் சொல்வது இதைத்தான். மணி 3.30 ஆகிறது. அவரால் திரும்ப வாங்க முடியவில்லை. 50 பங்குகள் தரவேண்டியவர் கையில் ஒன்றும் இல்லை.

புதன் காலை பே-இன் நேரத்தில் 50 பங்குகள் குறைகின்றன. சந்தை மொழியில் இது ஷார்ட் டெலிவரி. கிளியரிங் கார்ப்பரேஷன் இப்போது தன் வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும். அதற்காகப் புதன்கிழமை பிற்பகலில் தனியாக ஓர் ஏலம் நடத்துகிறது. சாதாரண வியாபாரத்தோடு இது சேராது. பங்கு ஏற்கனவே கைவசம் உள்ளவர்கள் தங்கள் புரோக்கர் வழியாக, 'இந்த விலைக்குத் தருகிறேன்' என்று ஏலத்தில் கேட்கலாம். தரவேண்டிய அவசரம் மறுதரப்புக்குத்தான் என்பதால் ஏல விலை பெரும்பாலும் சந்தை விலையைவிட உயர்வாகவே இருக்கும்.

ஏலத்தில் 50 பங்குகளும் 470 ரூபாய்க்குக் கிடைத்தன என்று கொள்வோம். ஆசிரியை 400-க்குத்தான் வாங்கினார். கூடுதலான 70 ரூபாய் வீதம் 3,500 ரூபாயைத் தவறியவரிடமிருந்து, அபராதத்தோடு சேர்த்து வசூலிப்பார்கள். ஆசிரியை ஒரு காசும் அதிகம் தரவேண்டியதில்லை. அவருக்கு நேர்ந்த இழப்பு ஒரு நாள்தான். புதன்கிழமைக்குப் பதில் வியாழக்கிழமை பங்கு வரும்.

ஏலத்திலும் யாரும் பங்கு தர முன்வரவில்லை என்றால்? நல்ல செய்தி வந்து விலை ஏறிக்கொண்டிருக்கும் பங்கில் இது நடக்கக்கூடியதுதான். அப்போது பங்குக்குப் பதிலாகப் பணமாகத் தீர்த்துவிடுவார்கள். குளோஸ்-அவுட் என்று இதற்குப் பெயர். எந்த விலையில் என்பதற்கு விதி இருக்கிறது. வியாபார நாளிலிருந்து ஏல நாள் வரை அந்தப் பங்கு தொட்ட உச்ச விலை ஒன்று. ஏல நாளின் இறுதி விலைக்கு மேல் 20 சதவீதம் இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அது. புதன்கிழமை அந்தப் பங்கு 465 வரை போய் 460-ல் முடிந்தது என்போம். 460-க்கு மேல் 20 சதவீதம் என்றால் 552 ரூபாய். அதுதான் அதிகம். ஆசிரியைக்கு 50 பங்குக்கு 27,600 ரூபாய் வந்து சேரும். அவர் போட்டது 20,000. மிச்சமுள்ள 7,600 ரூபாய் தவறியவரின் தலையில் விழும்.

கேட்க லாபமாகத்தான் தெரிகிறது. ஆனால் பத்து வருஷம் வைத்திருக்கலாம் என்று வாங்கியவருக்கு இது ஏமாற்றம்தான். அவர் விரும்பிய பங்கு கையில் இல்லை, அதை மறுபடி வாங்கவேண்டுமென்றால் அன்றைய விலையில் வாங்கவேண்டும், வந்த லாபத்துக்கு வரியும் உண்டு. கிளியரிங் கார்ப்பரேஷன் தரும் உறுதியின் எல்லை எங்கே இருக்கிறது என்பது இங்கே தெளிவாகிவிடுகிறது. கணக்குத் தீரும் என்பதற்குத்தான் அது பொறுப்பு. பங்காகவே வந்து சேரும் என்பதற்கு இல்லை.

இதே சிக்கலில் ஆசிரியையே குற்றவாளியாகிவிடும் ஒரு வழியும் உண்டு. புதன் காலை விலை 455 ஆகியிருப்பதைப் பார்த்து, 'நேற்று வாங்கியதுதானே, விற்றுவிடலாம்' என்று அவர் விற்றுவிடுகிறார். `T1` குறி இன்னும் இருக்கிறது, ஆனாலும் செயலி விற்க விடுகிறது. இன்று வாங்கி நாளை விற்பது என்று இதற்குச் சந்தையில் பெயரே இருக்கிறது. தனக்கு வரவேண்டிய பங்கு புதன் மாலை வந்துவிடும், வியாழன் காலை அதைக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. பெரும்பாலான நாட்களில் இந்தக் கணக்கு பலிக்கும். ஆனால் நம் கதையில் புதன் மாலை பங்கு வரவில்லை. வியாழன் காலை அவர் தன்னிடம் வாங்கியவருக்குக் கொடுக்கவேண்டும், அவர் கைக்கு ஏலத்துப் பங்கு வருவதோ வியாழன் பிற்பகல். யாரோ செய்த தவறுக்கு இவர் பெயரில் ஷார்ட் டெலிவரி எழுதப்பட்டு, ஏல நஷ்டமும் அபராதமும் இவர் பக்கம் திரும்பலாம். அப்பர் சர்க்யூட்டில் முட்டி நிற்கும் பங்கிலும், நாளுக்குச் சில நூறு பங்குகளே கைமாறும் சிறிய நிறுவனங்களிலும் இந்த ஆபத்து அதிகம். பங்கு வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகு விற்பதே நல்லது என்பது என் திடமான கருத்து. ஒரு நாள் பொறுப்பதில் போவது ஒன்றுமில்லை.

புரோக்கர் கையில் நிற்கக் கூடாத பங்கு

விற்பவர் தவறினால் ஏலம் இருக்கிறது. புரோக்கரே விழுந்துவிட்டால்? அதற்காகத்தான் வியாபாரத்துக்கு முன்பே மார்ஜின் என்று முன்பணம் வாங்குகிறார்கள். ரொக்கச் சந்தையில் குறைந்தது 20 சதவீதம். விலை அதிகம் ஆடும் பங்குக்கு இன்னும் கூடும். ஒரு புரோக்கர் தவறினால் முதலில் அவர் கட்டிவைத்த பணத்தை எடுத்துக் கணக்கை நேர் செய்வார்கள். அது போதாவிட்டால் கிளியரிங் கார்ப்பரேஷனின் சொந்தப் பணமும், அதன் பிறகு தீர்வு உத்தரவாத நிதியும் கைகொடுக்கும். இப்படி அடுக்கடுக்காகப் பாதுகாப்பு இருப்பதால், ஒரு புரோக்கர் சரிந்தால் சந்தையே கதவடைக்கும் நிலை இப்போது இல்லை.

ஆனால் இந்த ஏற்பாடு நீண்ட காலம் ஓர் இடத்தில் மட்டும் பலவீனமாக இருந்தது. கிளியரிங் கார்ப்பரேஷன் பங்கைச் சரியாகக் கொடுத்துவிடும். ஆனால் கொடுத்தது புரோக்கரின் பொதுக் கணக்கில். அங்கிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளரின் டீமேட் கணக்குக்கும் புரோக்கர்தான் மாற்றவேண்டும். கிளியரிங் கார்ப்பரேஷனின் கண்ணுக்குக் கணக்கு முடிந்தது. ஆசிரியைக்கோ இன்னும் பங்கு வரவில்லை. அந்த இடைவெளியில் பங்கு புரோக்கரின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாடிக்கையாளர் எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியும் புரோக்கரிடம் இருந்ததால், கணக்குக்கு வந்துவிட்ட பங்கைக்கூட அவரால் திரும்ப எடுக்க முடிந்தது.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைக் கார்வி விவகாரம் காட்டியது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் பெயரிலிருந்த டீமேட் கணக்குக்கு மாற்றி, அவற்றை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. 2019 நவம்பர் 22 அன்று செபி அந்த நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை விதித்தது. பவர் ஆஃப் அட்டர்னியைப் பயன்படுத்தவும் கட்டுப்பாடு போட்டது. டிசம்பர் 2-ஆம் தேதி டெபாசிட்டரி சுமார் 83,000 வாடிக்கையாளர்களின் பங்குகளை அவர்கள் கணக்குக்கே திருப்பியது. பங்கை ஈடாக வைத்துக் கடன் கொடுத்திருந்த வங்கிகள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. பணம் முழுவதும் கட்டி வாங்கிய ஒருவரின் பங்கு, அவர் அறியாமலே இன்னொருவரின் கடனுக்கு ஈடாக நின்றது என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது. ஓய்வுப் பணத்தைப் போட்டுவைத்தவர்களும் பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்தவர்களும் இப்படிப்பட்ட கணக்குகளில் இருப்பார்கள் என்பதை நினைத்தால் இதை வெறும் கணக்கு விவகாரமாகத் தள்ளிவிட முடியவில்லை.

அதன் பிறகு வந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் பங்கைப் புரோக்கரின் கையிலிருந்து விலக்குவதாகவே இருக்கின்றன. விற்கும் பங்கைச் சொந்தக் கணக்கிலேயே முடக்குவதை மேலே பார்த்தோம். பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக, விற்ற பங்கைக் கொடுப்பது, மார்ஜினுக்கு அடகு வைப்பது போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஒரு குறுகிய ஒப்புதல் படிவம் 2022-ல் வந்தது. அதையும் தர விரும்பாதவர்கள் ஒவ்வொரு முறை விற்கும்போதும் ரகசிய எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து அனுமதிக்கலாம். வாடிக்கையாளரின் பணத்தைப் புரோக்கர் அன்றன்றே கிளியரிங் கார்ப்பரேஷனிடம் சேர்க்கவேண்டும் என்று 2023-ல் விதி வந்தது. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 2025-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது கிளியரிங் கார்ப்பரேஷன் பங்கைப் புரோக்கரின் பொதுக் கணக்கில் இறக்குவதில்லை. நேராக வாங்கியவரின் டீமேட் கணக்கிலேயே வரவு வைக்கிறது. பே-அவுட் நேரம் பிற்பகல் 1.30-லிருந்து 3.30-க்குத் தள்ளிப்போனதும் இதற்காகத்தான். சில நூறு புரோக்கர் கணக்குகளில் போட்டதை இப்போது லட்சக்கணக்கான தனிக் கணக்குகளில் போடவேண்டியிருக்கிறது. இரண்டு மணி நேரம் தாமதமானாலும் இது நல்ல பேரம்.

எப்போது உங்களுடையது?

டீமேட் கணக்கு இருப்பது புரோக்கரிடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இருப்பது என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகளில் ஒன்றில். புரோக்கர் அங்கே போவதற்கான வாசல். சட்டப்படி பார்த்தால், பங்கைப் பதிவுசெய்துகொண்ட உரிமையாளர் டெபாசிட்டரி. பங்கின் பலனை அனுபவிக்கும் உரிமையாளர் நீங்கள். டிவிடெண்டும் போனஸும் வாக்குரிமையும் உங்களுக்கே. டெபாசிட்டரி வைத்திருக்கும் அந்தப் பலனாளிகளின் பட்டியலையே நிறுவனத்தின் உறுப்பினர் பட்டியலாகச் சட்டம் ஏற்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே வரவு விழும் கணம்தான் பங்கு உங்களுடையதாகும் கணம்.

இதன் நடைமுறை விளைவு டிவிடெண்ட் காலத்தில் தெரியும். ரெக்கார்டு தேதி புதன்கிழமை என்று நிறுவனம் அறிவித்தால், புதன் முடிவில் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட். செவ்வாய் வாங்கினால் புதன் வந்து சேரும், பலன் உண்டு. புதன்கிழமையே வாங்கினால் வியாழன்தான் வரும், பலன் இல்லை. டிவிடெண்டுக்கு ஏற்ற அளவு விலையும் புதன் காலையிலேயே இறங்கித் தொடங்குவது வழக்கம். 'ரெக்கார்டு தேதி அன்றைக்கே வாங்கிவிட்டேனே, ஏன் வரவில்லை?' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காரணம் இந்த ஒரு நாள்தான்.

அப்படியானால் அந்த ஒரு நாளையும் ஒழித்துவிட்டால் என்ன? 2024 மார்ச் 28 அன்று 25 பங்குகளில் அன்றன்றே தீர்வு என்ற முறையைச் சோதனையாக ஆரம்பித்தார்கள். விருப்பப்பட்டவர்கள் அதில் சேரலாம். ஆனால் அதில் விற்பவர் பங்கோடும் வாங்குபவர் முழுப் பணத்தோடும் முன்பே தயாராக நிற்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து முதலீடு செய்பவர் டாலரை ரூபாயாக மாற்றிக் கொண்டுவர நேரம் வேண்டும். ஒரே பங்கு இரண்டு தீர்வு முறைகளில் விற்கப்பட்டால் வாங்குவோரும் விற்போரும் இரண்டாகப் பிரிந்து, விலையும் வேறுபடக்கூடும். அதோடு, 10 கோடியும் 9.4 கோடியும் கழிந்து 60 லட்சமாகும் வசதி நாள் முழுதும் சேர்த்துப் பார்ப்பதால் கிடைப்பது. ஒவ்வொரு வியாபாரத்தையும் அந்தந்த நொடியே தீர்த்தால் அந்தக் கழித்தலுக்கு இடமே இருக்காது.

ஆசிரியை வியாழக்கிழமை செய்யவேண்டியது என்ன? புரோக்கரின் செயலி காட்டும் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், டெபாசிட்டரி அனுப்பும் குறுஞ்செய்தி வந்ததா என்று பார்க்கலாம். சி.டி.எஸ்.எல். கணக்கு என்றால் `Easi`, என்.எஸ்.டி.எல். என்றால் `IDeAS` என்ற இணையச் சேவையில் புரோக்கரின் துணையில்லாமலே நேரடியாக நுழைந்து வரவைச் சரிபார்க்கலாம். எல்லா முதலீட்டையும் சேர்த்துக் காட்டும் தொகுப்பு அறிக்கையும் மின்னஞ்சலில் வரும். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் டீமேட் கணக்கில் தன்னுடையதாகவே பதிவாகியிருக்கிறதா என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளவேண்டும். உறவினருடையதோ முகவருடையதோ அதில் இருந்தால் இந்தத் தகவல் எதுவும் இவரை எட்டாது. பங்கும் வரவில்லை, ஏலப் பணமும் வரவில்லை என்றால் கான்ட்ராக்ட் நோட்டிலுள்ள செட்டில்மென்ட் எண்ணைச் சொல்லிப் புரோக்கரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் செபியின் `SCORES` தளத்தில் புகார் பதியலாம். புகார் போன 21 நாட்களுக்குள் புரோக்கர் அங்கே பதில் அளித்தாக வேண்டும்.